அச்சில் போட்ட வாக்கியம்

வருடத்துக்கு ஒருமுறை ஊரையே அழவைப்பது என் உத்தியோகம். சம்பளச் சீட்டில் ‘தொடர்பு அலுவலர்’ என்று கௌரவமாகப் போட்டிருக்கும். என் கணவர் மட்டும் ‘அழுகை இலாகா’ என்பார். பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு ஏற்பட்டு, கை கால் தசைகள் இறுகிப்போன குழந்தைகளுக்குப் பயிற்சியும் பாடமும் தரும் மையம் எங்களுடையது. பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. நன்கொடை வந்தால்தான் பயிற்சி நடக்கும். கடிதம் போனால்தான் நன்கொடை வரும்.

அந்தக் கடிதம் நான் எழுதியதல்ல. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, மையத்தை நடத்தும் பெரிய மேடம் சொல்லிவிட்டார்: “அதுல மட்டும் கை வைக்காதம்மா. வருஷத்த மாத்து, படத்த மாத்து, அனுப்பிடு. நல்லா ஓடிட்டிருக்கற வண்டி.”

நானும் வருடத்தை மாற்றினேன், படத்தை மாற்றினேன். கடிதம் இப்படிப் போகும்:

‘இந்தக் கண்களைப் பாருங்கள். இந்தச் சிறுமிக்குச் சிரிக்க ஒரு காரணமும் இல்லை. அவளால் நிற்க முடியாது. நாளை என்பது அவளுக்கு இல்லை. வறுமையின் சுமை தாங்காமல் அவளைப் பெற்றவர்களே அவளைக் கைவிடும் நிலையில் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் குப்பையில் போடும்போது அவள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.’

கீழே பெரிய மேடத்தின் கையெழுத்து. பார்க்கிற யாருக்கும் சாப்பாடு இறங்காது. அதுதான் நோக்கமே.

இந்த வருடம் படத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது சிட்டுவை. ஒன்பது வயது. சிட்டு என்பது மையத்தில் எல்லோரும் கூப்பிடும் பெயர், வாய் ஓயாது என்பதால் வந்தது. படத்தில் அவள் கண்களில் நீர் முட்டி நின்றது. உண்மையில் அன்று அவளுடைய கிரீம் பிஸ்கட் கீழே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த பிஸ்கட் கைக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். சிரித்த படமும் இருந்தது. அதை நான் ஒதுக்கிவிட்டேன்.

பெற்றோர் சம்மதித்தார்களா என்று கேட்டால், சம்மதித்தார்கள். குழந்தையைச் சேர்க்கிற அன்று ஒரு கட்டுத் தாள்களில் கையெழுத்து வாங்குவோம். அதில் ஒன்று, படத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது. எங்கே, எப்படி, பக்கத்தில் என்ன எழுதி என்று அவர்களும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. குழந்தையைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று நிற்கிறவர்கள் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள்.

அடுத்து நடந்தது எங்களைப் போன்ற இடத்தில் மட்டுமே நடக்கக்கூடிய கூத்து. எங்கள் கணக்கருக்கு ஒரு கொள்கை உண்டு: ரசீது போட்டால் அந்த ஆள் முகவரிப் பட்டியலில் ஏறியாக வேண்டும். சிட்டுவின் அப்பா ஒரு வெல்டர். மகள் முதன்முதலாக இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த மாதம், மனிதர் ஒரு சிறு தொகையைக் கொண்டுவந்து நன்கொடையாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். கணக்கர் ரசீது போட்டார். வெல்டர் பட்டியலில் ஏறினார். முகவரிச் சீட்டுகள் அச்சாகி வந்தன, உறைகளில் ஒட்டினோம், தபாலில் சேர்த்தோம். யாரும் பார்க்கவில்லை. யார் பார்ப்பது, அத்தனை உறை.

அப்படியாக சிட்டுவின் படம் போட்ட கடிதம் சிட்டுவின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். உறைமேல் தன் படத்தைப் பார்த்ததும் சிட்டு சந்தோஷத்தில் குதிக்காத குறையாகக் கடிதத்தைப் பிரித்திருக்கிறாள். எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்திருக்கிறாள். அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததே எங்கள் மையத்து வகுப்பில்தான். எங்கள் கடிதத்தில் வருகிற குழந்தைக்கு வாசிக்கத் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது வாசல் கேட்டில். கத்தல் கேட்டு ஓடிப்போனேன். வெல்டரின் கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள் சிட்டு. அவளுடைய பயிற்சியாளர் கையை நீட்ட நீட்ட, அவள் அப்பாவின் சட்டைக்குள் புகுந்துவிடப் பார்த்தாள்.

“விட்டுட்டுப் போகாதீங்கப்பா! விட்டுட்டுப் போகாதீங்க!”

வெல்டர் அவளை மனைவியிடம் கொடுத்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

“இது நீங்க அனுப்பினதா மேடம்?” நாலாக மடித்த கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். “நாங்க இவள கைவிடப் போறோம்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

நான் கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

“நானும் எத்தன தடவ சொல்லிப் பாத்துட்டேன். அதெல்லாம் பொய்டா கண்ணு, அப்பா உன்ன விடுவேனான்னு. அவ என்ன சொல்றா தெரியுமா? ‘அச்சுல போட்டிருக்கேப்பா’ங்கறா. புத்தகத்துல இருக்கறது எல்லாம் நெஜம்னு நீங்கதானே மேடம் சொல்லிக்குடுத்தீங்க? இங்க கொண்டாந்து விட்டா திரும்ப வர மாட்டேன்னு நெனைக்கறா. ராத்திரி என் சட்டையப் பிடிச்சுட்டேதான் தூங்கறா.”

ஒரு தாள்தானே, அதை எழுதியதுகூட நான் இல்லையே என்று மனசு ஒரு நொடி நொண்டிச் சாக்குச் சொல்லிப் பார்த்தது. சீ என்று அதை அடக்கினேன்.

“மன்னிப்பெல்லாம் வேண்டாம் மேடம்,” என்றார் அவர், நான் கேட்பதற்கு முன்பே. “அச்சுலதானே போட்டீங்க? அச்சுலயே மாத்திப் போடுங்க. அதே மாதிரி தபால்ல வரட்டும். அத மட்டும்தான் அவ நம்புவா.”

சிட்டு அன்று உள்ளே வரவில்லை. பயிற்சியாளர் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். அவளைக் கண்டதும் குழந்தை கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்விட்டது. திரும்பி வந்தவள் என் மேஜைக்கு எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள்.

“வளர்ற வயசுக்கா. எலும்பு பாட்டுக்கு வளரும், இறுகின தசை அது கூட வளராது. தெனம் நீட்டி விட்டு, நிக்க வெச்சு, மேல இறுகாம பிடிச்சு வெச்சிருந்தேன். அவங்க அம்மா வீட்ல முடிஞ்சத செய்றாங்க, ஆனா நிக்க வைக்கற சாதனமெல்லாம் இங்கதானே இருக்கு? இப்படியே போனா குதிகால் தரையத் தொடாது. அப்புறம் ஆபரேஷன்தான்.”

நான் பெரிய மேடத்திடம் போனேன். அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். தன் சொந்த வீட்டின் முன்னறையில் நாலு பாய் விரித்து இந்த மையத்தைத் தொடங்கியவர் அவர். கல் நெஞ்சக்காரி இல்லை. ஆனால் காலம் முழுக்கக் கையேந்திய ஒருவருக்கு, எந்த முகத்தைக் காட்டினால் காசு விழும் என்பது பழகிப்போய்விடுகிறது.

“தப்புதான். அவங்க முகவரிய பட்டியல்லேர்ந்து எடுத்துடச் சொல்லு,” என்றார்.

“தப்பு முகவரில இல்ல மேடம். கடிதத்துல. மாத்திப் புதுசா ஒண்ணு அனுப்பணும்.”

“அந்தக் கடிதம்தான் உனக்குச் சம்பளம். பயிற்சியாளருக்குச் சம்பளம்.”

“முதல் தடவ நல்லா வருது, நான் இல்லேங்கல. ஆனா அப்படிக் குடுத்தவங்கள்ல பாதிப் பேர் அடுத்த வருஷம் குடுக்கறதில்ல. நம்ம உறையப் பாத்தாலே பிரிக்காம போட்டுடறாங்க. மனசு குத்துதுன்னு குடுத்தவங்க, குத்து நின்னதும் மறந்துடறாங்க. அதான் ஒவ்வொரு வருஷமும் புது ஆளத் தேடி அலையறோம்.”

மேடம் பேனாவை மூடினார், திறந்தார். “சரி, ஒண்ணு பண்ணு. பாதிப் பேருக்குப் புதுசு, பாதிப் பேருக்குப் பழசே மறுபடியும். எது நல்லா வருதுன்னு பாத்துக்கலாம். எல்லா எடத்துலயும் அப்படித்தானே பண்றாங்க? பழசுக்கு வேற குழந்தை படத்தப் போட்டுக்கோ.”

“எந்தக் குழந்தைய மேடம் போடறது? வாசிக்கத் தெரியாததா பாத்தா?”

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். கதவருகே காசோலைகளோடு நின்றிருந்த கணக்கர், சுவரில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல அதையே உற்றுப் பார்த்தார். “எழுதிட்டு வா, பாக்கறேன்,” என்றார் மேடம், என்னைப் பார்க்காமல்.

எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். பழையதில் அழுகை இருக்கிறது, அதை எடுத்துவிட்டுச் சிரிப்பைப் போட்டால் முடிந்தது. ‘தன்னம்பிக்கையின் தேவதை’ என்று தொடங்கினேன். ‘விதியை வென்றவள்’ என்றேன். ‘இன்று அவள் நடக்கிறாள்’ என்று முடித்தேன். எனக்கே புல்லரித்தது. அதை எடுத்துக்கொண்டு வெல்டரின் வீட்டுக்குப் போனேன், சம்பந்தப்பட்டவர்களிடம் படித்துக்காட்டாமல் இனி ஒரு தாளும் வெளியே போகக்கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதியின்படி.

ஒரே அறைதான் வீடு. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் கட்டில். சுவரோரமாக வெல்டரே அடித்த இரும்புக் கைப்பிடி, சிட்டு பிடித்து எழுந்திருப்பதற்காக, அவள் தோள் உயரத்துக்குச் சரியாக. இந்த மனிதரைத்தான் மகளைக் கைவிடப் போகிறவர் என்று அத்தனை வீடுகளுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறோம். என்னால் அந்தக் கைப்பிடியை நேராகப் பார்க்க முடியவில்லை.

சிட்டு அப்பாவின் மடியில் ஒட்டிக்கொண்டாள். “கூட்டிட்டுப் போக வந்தீங்களா மிஸ்?”

“இல்லடா. இத எழுதியிருக்கேன். தப்பு இருக்கான்னு நீங்க மூணு பேரும் பாத்துச் சொல்லணும்.”

வாய் ஓயாத பெண் வெகுநேரம் பேசாமல் வாசித்தாள். பிறகு, “நான் தேவதை இல்ல மிஸ்,” என்றாள்.

“சரி, எடுத்துடலாம்.”

“நடக்கறான்னு போட்டிருக்கீங்களே,” என்றார் வெல்டர். “இன்னும் நடக்கலயே மேடம். கம்பியப் பிடிச்சு நிக்கறா. அவ்ளோதான். அதுவே எங்களுக்குப் பெரிசு. மொதல்ல இல்லாத கஷ்டத்தச் சொன்னீங்க, இப்ப இல்லாத நல்லதச் சொல்றீங்க.”

என் மூக்கு நன்றாகவே உடைந்தது. முதல் பொய்யைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது பொய்யை வைத்திருந்தேன், பூச்சுற்றி.

“சரி, எதுக்குப் பணம் கேக்கறீங்க?” என்றாள் அம்மா. “அது இதுல எங்கயுமே இல்லயே? இவளுக்குப் பாதத்த நேரா நிறுத்தறதுக்குப் போடற கால் பட்டை சின்னதாயிடுச்சு. போன வருஷம் போட்டது விரல் நுனில இடிக்குது. வளர்றா இல்ல? இப்படி எத்தன குழந்தைங்க அங்க. அதச் சொன்னா யாருக்கும் புரியுமே.”

பென்சிலை எடுத்தேன். எல்லாவற்றையும் அடித்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன். குழந்தைகள் வளர்கிறார்கள், அதனால் பணம் தேவை. இத்தனை வருடம் வேலை பார்த்தும் இந்த எளிய வாக்கியம் எனக்குத் தோன்றாமல் போனதே என்று ஆத்திரமாக வந்தது. எழுதி முடித்துச் சிட்டுவிடம் கொடுத்தேன். வாசித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அப்பா என்னை விட மாட்டார்னு எங்க மிஸ் போட்டிருக்கு?”

நான் எனக்குத் தெரிந்த தொழில் நியாயத்தைச் சொன்னேன். பழைய பொய்யை மறுபடி சொல்லி மறுத்தால், மறந்தவர்களுக்கும் அது ஞாபகம் வந்துவிடும். சொல்லாமல் விடுவதே நல்லது. இந்தப் புதுக் கடிதத்தைப் படிப்பவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

“பழச படிச்சவங்க?” என்றாள் சிட்டு.

வெல்டர் அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் அதையும் கடைசியில் ஒரு பத்தியாக எழுதினேன்.

பெரிய மேடத்துக்குப் புதுக் கடிதம் பிடித்திருந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. இரண்டு முறை படித்தார். பிறகு அந்த ஒரு பத்தியில் விரலை வைத்தார்.

“இது வேண்டாம். போன கடிதத்துல பொய் சொன்னோம்னு நாமளே எழுதினா, அதுக்கும் முன்னாடி வந்ததெல்லாம் பொய்தானேன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும் மேடம்.”

“உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ. கதவ சாத்தினா இத்தன குழந்தைங்களும் எங்க போகும்?”

அவர் பயம் நியாயமானது. நான் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒவ்வொரு திங்களும் வெல்டர் அரைநாள் விடுப்புப் போட்டு மகளைக் கேட் வரை தூக்கி வருவார். இன்றாவது உள்ளே போவாளா என்று ஒரு ஆசை. ஒவ்வொரு திங்களும் அலறல், திரும்பிப் போவது. அந்தத் திங்கள் பெரிய மேடமே எழுந்து கேட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

சிட்டு அலறவில்லை. மேடத்தை உற்றுப் பார்த்தாள். “நீங்கதானே கையெழுத்துப் போட்டிருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“எங்க அப்பா என்னை விடப்போறார்னு உங்ககிட்ட சொன்னாரா?”

“இல்ல.”

“அம்மா?”

“இல்லம்மா. யாரும் சொல்லல.”

“அப்புறம் ஏன் போட்டீங்க?”

ஊரில் உள்ள பெரிய மனிதர்களையெல்லாம் பேசியே வளைத்தவர், கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நான் படிக்கலம்மா,” என்றார் கடைசியில். “என் கையெழுத்து அதுல எப்பவுமே இருக்கும். நான் படிக்கறதில்ல.”

அது உண்மை. ஒருமுறை போட்ட கையெழுத்தைப் படமாக எடுத்து வைத்திருந்தோம். அது பாட்டுக்கு எல்லாக் கடிதத்தின் அடியிலும் உட்கார்ந்துகொள்ளும்.

“படிச்சுப் பாருங்க,” என்றாள் சிட்டு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுதாதவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

மேடம் அறைக்குத் திரும்பிப் பழைய கடிதத்தைக் கேட்டு வாங்கினார். கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

“அந்தப் பத்திய வெச்சுக்கோ. ஆனா ‘நாங்கள்’னு இருக்கு பாரு, அத மாத்து. ‘நான்’னு போடு. பட்டியல்ல ஒரு ஆள் விடாம அனுப்பு. பாதியெல்லாம் வேண்டாம்.”

கணக்கர் மட்டும் தபால் செலவை நினைத்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் முகவரிச் சீட்டுகள் வந்ததும் வெல்டரின் உறையை அவரே தேடி எடுத்து, தன் கையாலேயே ஒட்டினார்.

கடிதம் இப்படிப் போனது:

‘படத்தில் இருப்பவள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நடக்க முயன்றுகொண்டிருக்கிறாள். நடப்பாளா என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் வளர்கிறாள். போன ஆண்டு செய்த கால் பட்டை இந்த ஆண்டு பற்றவில்லை. இங்கு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான். அவர்கள் வளர வளரப் புதியது செய்ய வேண்டும். அதில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். இப்போது இயலாவிட்டால் பரவாயில்லை. ஒரு நாள் வந்து பாருங்கள்.

இந்தக் கடிதத்தை அவளும் அவளுடைய அப்பா அம்மாவும் படித்துத் திருத்தித் தந்தார்கள்.

சென்ற கடிதத்தில், பெற்றவர்கள் அவளைக் கைவிடும் நிலையில் இருப்பதாக என் கையெழுத்தோடு வந்தது. அது உண்மை அல்ல. அவர்கள் அவளை ஒருபோதும் கைவிட நினைத்ததில்லை. பணம் வர வேண்டும் என்பதற்காக நான் அதை அனுப்பினேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.’

பிஸ்கட் கையிலிருக்கிற, சிரித்த படத்தைச் சிட்டுவே தேர்ந்தெடுத்தாள். கீழே மேடத்தின் கையெழுத்து, புதிதாகப் போட்டது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். சிலர் தொலைபேசியில் திட்டினார்கள். பெரிய தொகை தருகிற ஒருவர், இனி தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். முதல் மாதம் வந்தது வழக்கத்தைவிடக் குறைவு. பழைய வருடங்களில் ஒருமுறை தந்துவிட்டுக் காணாமல் போன சிலர் திரும்ப எழுதினார்கள். சிலர் நேரில் வந்து கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இது போதுமா என்று வருடக் கடைசியில்தான் தெரியும். மேடம் தூங்குகிறாரா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் எந்தத் தாளையும் படிக்காமல் இப்போது அவர் விடுவதில்லை.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த வாரத்தில், திங்கள் வரை காத்திராமல், வெல்டர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டில் வழக்கம்போல் நின்றார். சிட்டுவின் கையில் எங்கள் உறை இருந்தது. பயிற்சியாளர் கையை நீட்டவில்லை, சும்மா நின்றாள். நானும் நின்றேன். குழந்தை அப்பாவின் கழுத்தைக் கட்டியபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போகலாம் என்று தலையை ஆட்டினாள்.

பயிற்சி அறையில் அவளைப் பாயில் உட்காரவைத்து, பயிற்சியாளர் காலைக் கையிலெடுத்தாள். குதிகால் இறுகியிருந்தது. இழந்த வாரங்கள் அந்தக் காலில் இருந்தன. பழையபடி நிற்கவே மாதக்கணக்காகும் என்று பயிற்சியாளர் ஒளிக்காமல் சொன்னாள். வெல்டர் தலையசைத்தார். நீட்டிவிடும்போது வலித்தது. சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டாள், ஒரு கை அப்பாவின் சட்டை நுனியிலேயே இருந்தது.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “நான் இங்கயே இருக்கேன்டா. எங்கயும் போக மாட்டேன்.”

சிட்டு சட்டையை விட்டாள்.

“நீங்க வேலைக்குப் போங்கப்பா,” என்றாள். “சாயங்காலம் வந்தா போதும்.”